ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து: மெக்கானிக்கல் கீபோர்டில் சாட்டர், டீபவுன்ஸ் பற்றிய கேள்வி பதில்

காட்பாடியில டி.டி.பி. கடை வச்சிருக்கேன். தமிழ்99-ல "படம்"னு அடிச்சா சில நேரம் "பட்டம்"னு விழுது. விசைப்பலகை மென்பொருள்ல கோளாறா, கீபோர்டுலயா?

பெரும்பாலும் கீபோர்டில்தான். தமிழ்99 முறையில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ட இருப்பது O விசையில். அந்த விசையின் ஸ்விட்ச் ஒரு தட்டை இரண்டாக அனுப்பினால் மென்பொருள் தன் விதிப்படி "ட்ட" என்று மாற்றிவிடுகிறது. மென்பொருள் செய்தது சரி, அதற்கு வந்து சேர்ந்த தகவல்தான் தப்பு.

ஆங்கிலத்தில் "bookk" என்று விழுந்தால் கண்ணில் உடனே படும். தமிழ்99-ல் அப்படி இல்லை. "பாடு" "பாட்டு" ஆகும், "காது" "காத்து" ஆகும். இரண்டுமே நல்ல தமிழ்ச் சொல் என்பதால் எழுத்துப் பிழை திருத்தி வாய் திறக்காது. ஒலிபெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கு a விசை கெட்டால் "படம்" "பாடம்" ஆகிவிடும். கல்யாணப் பத்திரிகையும் கோர்ட் மனுவும் அடிக்கிற கடையில் இதை நாள் கடத்தக் கூடாது.

உறுதி செய்ய, தமிழ் உள்ளீட்டை அணைத்துவிட்டு வெறும் ஆங்கிலத்தில் O விசையை நூறு முறை, ஒவ்வொரு தட்டுக்கும் இடைவெளி விட்டு அடியுங்கள். எங்காவது "oo" என்று ஒட்டி விழுந்தால் ஸ்விட்ச் பக்கம் போங்கள். எல்லா விசையும் ஒரே மாதிரி இரட்டிக்கிறது என்றால் அது ஸ்விட்ச் இல்லை. கேபிள், யு.எஸ்.பி. ஹப், வயர்லெஸ் ரிசீவர் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

ஸ்விட்சுக்குள்ள அப்படி என்னதான் நடக்குது? புதுசுல வராதது ஏன் இப்ப வருது?

எம்.எக்ஸ். வகை ஸ்விட்சுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கின்றன. ஒன்று அசையாது, இன்னொன்று வில் போல வளையும். விசை மேலே இருக்கும்போது தண்டின் கால் வளையும் தகட்டைத் தள்ளி வைத்திருக்கும். அழுத்தினால் கால் விலகும், தகடு போய் மற்றதைத் தொடும். அந்தத் தொடுகை ஒரே தடவையில் நிலைக்காது. தொட்டு, விலகி, மறுபடி தொட்டு, பிறகுதான் அமரும். நல்ல ஸ்விட்சிலும் இது உண்டு. செர்ரி நிறுவனம் தன் எம்.எக்ஸ். ஸ்விட்சுகளுக்குத் தருகிற உச்ச வரம்பு 5 மில்லி வினாடி. கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் இந்தத் துள்ளலைப் பொறுத்திருந்து ஒரே தட்டாக எண்ணுவதற்குப் பெயர்தான் டீபவுன்ஸ்.

நாள்பட, தொடும் முனையில் தூசு, எண்ணெய்ப் படலம், ஸ்விட்ச் வழுக்கி ஓடப் பூசும் லூப் கிரீஸ் படியும், அல்லது தகடு தன் இழுவையை இழக்கும். அப்போது துள்ளல் 5-ஐத் தாண்டி 10, 15, 20 மில்லி வினாடி வரை நீளும். ஃபர்ம்வேர் 5 மட்டுமே பொறுக்கிறது என்றால், அதற்கு மேல் வருவதை இன்னொரு தட்டு என்றே கணக்கு வைக்கும். இதைத்தான் சாட்டர் என்கிறோம்.

நம் பக்கத்து வெயிலை எல்லோரும் குறை சொல்வார்கள். ஆனால் வேலூர்ச் சூடு மட்டும் ஸ்விட்சைக் கெடுக்காது. சாலையோரக் கடையில் ஷட்டரைத் திறந்து வைத்து மின்விசிறியை ஓடவிட்டால் உள்ளே வரும் மண்தூசுதான் வேலையைக் காட்டுகிறது. இரவில் கீபோர்டை ஒரு துணி போட்டு மூடுவது செலவில்லாத காவல்.

எத்தனை மில்லி வினாடினு எப்படி அளக்கறது? கண்ணால பார்த்துச் சொல்ல முடியுமா?

முடியாது, அளந்தே ஆக வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். அளக்காமல் டீபவுன்ஸை ஏற்றுவதுதான் பலரும் செய்கிற வீண் வேலை.

லினக்ஸில் evtest போதும். விண்டோஸ் கணினி என்றால் உபுண்டுவை ஒரு பென் டிரைவில் போட்டு, நிறுவாமல் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம்.

```
sudo apt update
sudo apt install evtest
sudo evtest
```

பட்டியலில் உங்கள் கீபோர்டின் எண்ணைக் கொடுங்கள். பிறகு சந்தேகப்படும் விசையை மெதுவாக, ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். value 1 என்றால் அழுத்தம், 0 என்றால் விடுவிப்பு. 2 என்பது விசையைப் பிடித்தே இருப்பதால் வரும் தானியங்கித் திரும்பல். அது சாட்டர் இல்லை, கணக்கில் சேர்க்காதீர்கள்.

O விசையில் ஒரே ஒரு தட்டுக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம் (MSC_SCAN வரிகளை நீக்கியிருக்கிறோம்):

```
time 1718.204, code 24 (KEY_O), value 1
time 1718.291, code 24 (KEY_O), value 0
time 1718.305, code 24 (KEY_O), value 1
time 1718.312, code 24 (KEY_O), value 0
```

திரையில் நேரம் இன்னும் நீண்ட எண்ணாக இருக்கும். கடைசி இலக்கங்களைக் கழித்தால் போதும். 204-ல் அழுத்தம், 291-ல் விடுவிப்பு: 87 மில்லி வினாடி, விரல் இயல்பாகத் தட்டும் நேரம். பிறகு 14 மில்லி வினாடி இடைவெளி. அதன்பின் 7 மில்லி வினாடி மட்டுமே நீடித்த ஒரு பொய் அழுத்தம். மனித விரல் 7 மில்லி வினாடியில் அழுத்தி விடாது.

இதில் முக்கியமான எண் அந்த 14. இருபது முப்பது இரட்டிப்புகளைப் பிடித்து, அவற்றில் மிகப் பெரிய இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்களே வேண்டுமென்று "ட்ட" என்று உங்கள் முழு வேகத்தில் தட்டி, அதில் வரும் மிகச் சிறிய இடைவெளியையும் குறியுங்கள். டீபவுன்ஸ் எண் இந்த இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டும். பொய் இடைவெளி 14, உங்கள் சொந்த இடைவெளி 60 என்றால் இடம் தாராளம். பொய் இடைவெளி 45 வரை போகிறது என்றால் அமைப்பு மாற்றிப் பயனில்லை, ஸ்விட்சை மாற்றுங்கள்.

இடைவெளி எங்க வருதுங்கறதுல வித்தியாசம் இருக்கா?

இருக்கிறது. மருந்தே அதைப் பொறுத்துத்தான் மாறும்.

மேலே பார்த்தது விடும்போது வரும் சாட்டர்: முதல் அழுத்தம் முழு நீளம், இரண்டாவது குட்டி. அழுத்தும்போது வருவதில் முதலாவது குட்டியாகவும் இரண்டாவது முழு நீளமாகவும் இருக்கும். மூன்றாவது வகை, அழுத்திப் பிடித்திருக்கும்போதே நடுவில் தொடுகை அறுந்து ஒட்டுவது. 40 மில்லி வினாடி அழுத்தம், 10 அறுப்பு, மறுபடி 40 என்று இரண்டு பக்கமும் நீளமாக வரும். இதைச் சோதிக்க, விசையைப் பாதியளவு அழுத்தி விரலை லேசாக இடவலமாக ஆட்டுங்கள். வரிகள் கொட்டினால் தகட்டின் இழுவை போய்விட்டது அல்லது முனையில் படலம் கனமாக இருக்கிறது என்று பொருள்.

கெட்டது ஸ்விட்சா, போர்டா? எனக்கு ஹாட்ஸ்வாப் போர்டு.

சால்டர் இல்லாமலே ஸ்விட்சைக் கழற்றி மாட்டக்கூடிய ஹாட்ஸ்வாப் என்றால் ஐந்து நிமிட வேலை. கேபிளைப் பிடுங்குங்கள். O ஸ்விட்சையும் யாரும் தொடாத Scroll Lock ஸ்விட்சையும் இடுக்கியால் கழற்றுங்கள். மேலும் கீழும் உள்ள கொக்கிகளை அழுத்தி நேராக மேலே இழுக்க வேண்டும், பக்கவாட்டில் நெம்பக் கூடாது. இரண்டையும் இடம் மாற்றிச் செருகுங்கள். செருகும் முன் இரண்டு கால்களும் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கால் மடிந்தபடி தள்ளினால் சாக்கெட்டே போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிடும். ஆகவே செருகும்போது போர்டின் அடியில் ஒரு விரலால் தாங்கிப் பிடியுங்கள்.

இப்போது மறுபடி evtest. சாட்டர் Scroll Lock-க்குப் போய்விட்டால் ஸ்விட்ச் கெட்டது. O-விலேயே தங்கிவிட்டால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது அல்லது அதன் சால்டர் விட்டிருக்கிறது. இரண்டு இடத்திலும் காணோம் என்றால் கால் சரியாகப் பிடிக்காமல் இருந்து, கழற்றிப் போட்டதில் பிடித்திருக்கிறது. ஒரு வாரம் கவனியுங்கள்.

சுத்தம் பண்ண மெடிக்கல்ல கிடைக்கற சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதுமா?

வேண்டாம். சிலவற்றில் எண்ணெய் சேர்த்திருப்பார்கள், அது உலர்ந்தபின் படலம் விடும். கை சானிட்டைசரில் கிளிசரின் இருக்கும், அது இன்னும் மோசம். சாதாரண டபிள்யூ.டி.-40-உம் எண்ணெய்தான். தேவை 99% ஐசோப்ரோபைல் ஆல்கஹால். மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு கழுவ "ஐ.பி.ஏ." என்று வைத்திருப்பார்கள். கேட்டால் 50 மில்லி ஊற்றித் தருவார்கள், ஒரு கீபோர்டுக்கு அது அதிகம்.

கேபிளைக் கழற்றி, கீகேப்பை எடுங்கள். தண்டை முழுக்க அழுத்திப் பிடித்தபடி, ஊசி போட்ட சிரிஞ்சால் தண்டின் ஓரத்தில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். தகடு இருக்கும் பக்கம் விட்டால் நல்லது. ஸ்விட்சின் அடியில் உலோகக் கால்கள் எந்தப் பக்கம் வருகின்றனவோ அந்தப் பக்கந்தான் தகடு. உடனே வேகமாக ஐம்பது அறுபது தடவை தட்டுங்கள். தொடும் முனைகள் ஒன்றோடொன்று உரசும்போதுதான் அழுக்கு நகரும், சும்மா ஊற்றி வைத்தால் நகராது. இதை இரண்டு முறை செய்து, அரை மணி நேரம் உலர விட்டு அளந்து பாருங்கள்.

கழற்றின ஸ்விட்ச் கையில் இருந்தால் திறந்தே சுத்தம் செய்யலாம். மேல் மூடியின் நான்கு கொக்கிகளை விலக்கினால் மூடி, தண்டு, ஸ்பிரிங் தனித்தனியே வரும். ஒரு வெள்ளைத் தாளை மெல்லிய நாடாவாக வெட்டி, ஐ.பி.ஏ.-வில் நனைத்து, இரண்டு தகட்டுக்கும் நடுவில் நுழைத்து மெல்ல இழுங்கள். தாளில் சாம்பல் நிறக் கோடோ பளபளக்கும் கிரீஸோ வந்தால் காரணம் கிடைத்துவிட்டது. உப்புத்தாளோ பிளேடோ தொடவே கூடாது. முனையில் உள்ள தங்கப் பூச்சு மிக மெல்லியது, அது போனால் அந்த ஸ்விட்ச் மறுபடி மறுபடி கெடும். லூப் போடும்போதும் தண்டின் இரண்டு கால்களையும் தகட்டையும் விட்டுவிட்டு மற்ற இடத்தில் பூசுங்கள். தானே லூப் போட்ட கீபோர்டில் புதிதாகச் சாட்டர் வந்தால், முதல் சந்தேகம் அங்கேதான்.

கைல் பாக்ஸ் வகை ஸ்விட்சுகளில் தொடும் பகுதி தனிக் கூட்டுக்குள் மூடியிருக்கும், சொட்டு விட்டாலும் போய்ச் சேராது. ஆப்டிக்கல், ஹால் எஃபெக்ட் ஸ்விட்சுகளில் உலோகத் தொடுகையே இல்லை. அவற்றில் இரட்டிப்பு வந்தால் இந்தப் பக்கம் உதவாது.

என்னோடது க்யூ.எம்.கே. போர்டு. டீபவுன்ஸ்ல எந்த வகை, எந்த எண் வைக்கணும்?

க்யூ.எம்.கே. என்ற ஃபர்ம்வேரின் இயல்பு வகை sym_defer_g, இயல்பு எண் 5. மாற்றம் தெரிந்ததும் 5 மில்லி வினாடி எதுவும் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் கணினிக்குச் சொல்லும். இதன் கடைசி g, போர்டு முழுமைக்கும் ஒரே கடிகாரம் என்பதைக் குறிக்கிறது. இந்த வகையிலேயே எண்ணை மட்டும் 20, 25 என்று ஏற்றினால் ஒரு புதுத் தொல்லை வரும். வேகமாக அடிக்கும்போது ஒரு விசையின் காத்திருப்பு முடிவதற்குள் அடுத்த விசை விழும், கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடும். கடைசியில் இரண்டும் ஒன்றாகப் போகும், போகிற வரிசை நீங்கள் அடித்த வரிசையாக இராது. எழுத்து இடம் மாறி விழுவதைப் பார்த்து விரல் தவறியதாக நினைப்பார்கள். ஆகவே எண் 10-ஐத் தாண்டினால் பெயர் pk என்று முடியும், விசைக்கு விசை தனிக் கணக்கு வைக்கும் வகைக்கு மாறிவிடுங்கள்.

எங்கள் பரிந்துரை asym_eager_defer_pk. அழுத்தத்தை உடனே சொல்லிவிடும், விடுவிப்பை மட்டும் பொறுத்திருந்து சொல்லும். நம் O விசையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண் 20 என்று வைத்தால், 291-ல் தொடுகை திறந்தவுடன் 20 மில்லி வினாடி காத்திருப்பு தொடங்கும். 14-லேயே, அதாவது 305-ல், மறுபடி மூடிவிடுவதால் விடுவிப்பு ரத்து. 312-ல் திறந்து அப்படியே நின்றுவிட்டதால் 332-ல் விடுவிப்பு போகும். கணினிக்குத் தெரிவது ஒரே தட்டு. அழுத்தத்தில் தாமதமே இல்லை, எழுத்து முன்போலவே உடனே விழும். நடுவில் அறுந்து ஒட்டும் மூன்றாவது வகையையும் இது பிடிக்கும்.

sym_eager_pk வேகமானது என்று கேள்விப்பட்டு அதைப் போடுபவர்கள் உண்டு. நடுவில் அறுபடும் சாட்டருக்கு அது ஆகாது. அறுந்த நொடியே விடுவிப்பு என்று சொல்லிவிட்டு, காத்திருப்பு முடிந்ததும் மறுபடி அழுத்தம் என்று சொல்லும். எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் இரட்டை எழுத்து விழுந்துகொண்டே இருக்கும்.

உங்கள் கீமேப் கோப்புறையில் உள்ள config.h கோப்பில்:

```
#undef DEBOUNCE
#define DEBOUNCE 20
```

அதே கோப்புறையில் rules.mk கோப்பில்:

```
DEBOUNCE_TYPE = asym_eager_defer_pk
```

பிறகு qmk compile, qmk flash. எண்ணுக்கு வழி: அளந்த மிகப் பெரிய பொய் இடைவெளியோடு ஐந்தாறு மில்லி வினாடி கூட்டுங்கள். 14-க்கு 20 என்று வந்தது இப்படித்தான்.

வயாவுல தேடினேன், டீபவுன்ஸ் இல்லையே?

விசை அமைப்பை மாற்றும் செயலியான வயாவில் வழக்கமாக அது இல்லை. இது ஃபர்ம்வேரைக் கம்பைல் செய்யும்போதே உள்ளே போகிற எண். புது ஃபர்ம்வேர் ஏற்றும் முன் வயாவில் உங்கள் விசை அமைப்பைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள், ஏற்றியபின் அது அழிந்துபோகக்கூடும். rules.mk-வில் VIA_ENABLE = yes இருக்கிறதா என்றும் பாருங்கள். விட்டுவிட்டால் வயா உங்கள் போர்டை அடையாளம் காணாது.

வயர்லெஸ் போர்டில் இசட்.எம்.கே. ஃபர்ம்வேர் ஓடினால் அங்கே அழுத்தத்துக்கும் விடுவிப்புக்கும் தனித்தனி எண் உண்டு, இரண்டுக்கும் இயல்பு 5:

```
CONFIG_ZMK_KSCAN_DEBOUNCE_PRESS_MS=5
CONFIG_ZMK_KSCAN_DEBOUNCE_RELEASE_MS=20
```

என் கீபோர்டுல க்யூ.எம்.கே.யும் இல்ல, கம்பெனி மென்பொருள்லயும் அந்த ஆப்ஷன் இல்ல. கம்ப்யூட்டர்லயே தடுக்க முடியாதா?

லினக்ஸில் க்னோம் ஓடினால் முடியும்:

```
gsettings set org.gnome.desktop.a11y.keyboard bouncekeys-enable true
gsettings set org.gnome.desktop.a11y.keyboard bouncekeys-delay 30
```

இரண்டாவது வரியை மறக்காதீர்கள். இயல்பு அளவு 300 மில்லி வினாடி, அதை வைத்துக்கொண்டு தமிழ்99-ல் ஒரு "க்க" கூட ஓட்டத்தில் அடிக்க முடியாது.

விண்டோஸின் ஃபில்டர் கீஸ் அமைப்பில் ஒரே விசையின் மறு தட்டைப் புறக்கணிக்க வைக்கும் குறைந்தபட்ச நேரம் அரை வினாடி. கை நடுக்கம் உள்ளவர்களுக்காக வைத்த வசதி அது. இரட்டை மெய் வரிக்கு வரி வருகிற தமிழுக்கு அதை வைத்துக் கடை நடத்த முடியாது. விண்டோஸ் மட்டும் என்றால் சுத்தம் செய்யுங்கள், தீராவிட்டால் ஸ்விட்சை மாற்றுங்கள்.

எனக்கு சால்டர் பண்ணின போர்டு. ஒரு ஸ்விட்சுக்காக முழுசா வாங்கணுமா?

வேண்டாம். முதலில் அந்த ஸ்விட்சின் இரண்டு காலிலும் பழைய சால்டரை மறுபடி உருக்குங்கள். 63/37 ஈய சால்டருக்கு முனை 320 முதல் 350 டிகிரி, ஒரு காலுக்கு இரண்டு மூன்று வினாடி. கொஞ்சம் ஃபிளக்ஸ் வைத்தால் சால்டர் பளபளவென்று கூம்பாக அமரும். காலைச் சுற்றி வளையமாக விரிசல் இருந்திருந்தால் அதிலேயே குணமாகிவிடும்.

ஆகவில்லை என்றால் ஸ்விட்சை மாற்ற வேண்டும். உதிரி ஸ்விட்ச் ஒன்றிரண்டாக வேலூர்க் கடைகளில் தேடி அலைவதைவிட, உங்கள் போர்டிலேயே இருக்கும் Scroll Lock அல்லது Pause ஸ்விட்சைக் கழற்றி O-வில் வையுங்கள். அதே வகை, அதே எடை, ஏறக்குறைய புதுசு. கெட்டதை அங்கே வைத்துவிடலாம். உறிஞ்சியால் சால்டரை எடுத்தபின் கால் துளைக்குள் தளர்வாக அசைய வேண்டும். அசையாத நிலையில் இழுத்தால் போர்டின் செம்பு வளையம் உரிந்து வரும், அதைச் சரிசெய்வது ஸ்விட்ச் மாற்றுவதைவிடப் பெரிய வேலை. கை பழக்கம் இல்லையென்றால் மொபைல் சர்வீஸ் கடையில் கொடுங்கள், எந்த இரண்டு ஸ்விட்ச் என்பதைப் போர்டின் பின்பக்கம் மார்க்கரால் வட்டம் போட்டுக் கொடுங்கள். பின்பக்கம் இடவலம் மாறித் தெரியும் என்பதால் தவறான ஸ்விட்சை எடுத்துவிட வாய்ப்பு அதிகம்.

புது ஸ்விட்ச் போட்டாச்சு, இரட்டிப்பு நின்னுடுச்சு. டீபவுன்ஸை 20-லயே விட்டுடலாமா?

5-க்கே இறக்குங்கள், வகை asym_eager_defer_pk-வாகவே இருக்கட்டும். 20-ல் ஓடுகிற போர்டில் அடுத்து கெடத் தொடங்கும் ஸ்விட்ச் 8, 10, 15 என்று ஏறி 20-ஐத் தாண்டும் வரை வெளியே தெரியாது. தெரியவரும்போது சொட்டு ஐ.பி.ஏ.-வில் தீருகிற கட்டத்தைத் தாண்டியிருக்கும். 5-ல் விட்டால் முதல் இரட்டிப்பு சீக்கிரமே கண்ணில் படும். இறக்கியதும் O-வை மட்டுமின்றி அதிகம் அடிபடும் விசைகளையும் ஒரு தடவை evtest-ல் தட்டிப் பாருங்கள். தமிழ்99-ல் அவை க, த, ம, ப, அதாவது H, L, K, J. கூடவே புள்ளி விழும் F, ஸ்பேஸ் பார்.